பாடாங் கிரிக்கெட் போட்டி, சுங்கை சிப்புட்: டீம் பதிவு ஆரம்பம், கடைசி நாள் ஆகஸ்ட் 16

போட்டிச் செயலாளர்

எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷ டேப் பால் போட்டி ஆகஸ்ட் 29 சனி, 30 ஞாயிறு, 31 திங்கள். திங்கள் மெர்டேக்கா லீவு, அன்னிக்கு காலையில செமியும் பைனலும், மத்தியானத்த மழைக்குன்னு காலியா வெச்சிருக்கோம். இடம் எப்பவும் போல பழைய தோட்ட பாடாங்.

மூணு பிரிவு இருக்கு. ஓப்பன் 12 டீம், ஒரு டீமுக்கு 250 வெள்ளி. 40 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு 4 டீம், 150 வெள்ளி, 1986 இல்லன்னா அதுக்கு முன்னாடி பொறந்தவங்க ஆடலாம். 15 வயசுப் பிரிவு 4 டீம், 80 வெள்ளி, 2011 ஜனவரி 1 இல்லன்னா அதுக்கு அப்புறம் பொறந்த புள்ளைங்க, பொம்பளப் புள்ளைங்களும் தாராளமா ஆடலாம். பதிவு ஆகஸ்ட் 16 ஞாயிறு ராத்திரி 9 மணியோட முடியுது. பாதிக் காசு பேர் குடுக்கும்போது, மீதி ஆகஸ்ட் 21 வெள்ளிக்கிழம ராத்திரி குலுக்கல் அன்னிக்கு. குலுக்கல் முடிஞ்சப்புறம் வரலன்னா காசு திரும்பக் கெடைக்காது, ஏன்னா அதுக்குள்ள ஒங்க டீம வெச்சு மூணு டீம் சேர்ந்த ஒரு குரூப்ப போட்டுருப்போம்.

ஓப்பன்ல ஒரு பக்கம் 8 பேரு, 6 ஓவர், ஒரு பௌலருக்கு 2 ஓவருக்கு மேல இல்ல. பைனல் மட்டும் 8 ஓவர். 7 விக்கெட் போனா ஆல் அவுட், கடைசி ஆளு தனியா நின்னு ஆட முடியாது. பந்து எல்லாம் நாங்கதான் குடுப்போம், யாரும் சொந்தப் பந்து கொண்டு வரக் கூடாது. ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் புதுசா டேப் சுத்துன ஒரு பந்து. டேப் ஒரு பக்கம் கிழிஞ்சு தொங்க ஆரம்பிச்சா பந்து கண்டபடி திரும்பும், அப்ப அம்பயர் பாத்து அதே அளவு அடிபட்ட வேற பந்த எடுத்துக் குடுப்பாரு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், அதுக்காகத்தான் இத இவ்ளோ நீளமா எழுதுறேன். நாலு குரூப், ஒரு குரூப்புக்கு மூணு டீம், மொத எடத்துல வர்ற ஒரு டீம்தான் செமிக்குப் போகும். மூணு டீம் குரூப்புல ஒருத்தன் ஒருத்தன அடிச்சு ஆளுக்கு ஒரு வெற்றின்னு வர்றது ரொம்ப சாதாரணம். போன வருஷம் ஒரு குரூப்புல அப்படித்தான் ஆச்சு, ரன் ரேட் கணக்குப் போட்டது நான், தப்பாப் போட்டேன், செமிக்குப் போக வேண்டிய டவுன் டீம் வீட்டுக்குப் போனாங்க. அன்னிக்கு அவங்க கேப்டன் ஒண்ணும் சண்ட போடல, பேட்ட பையில வெச்சுக்கிட்டு மோட்டார்ல ஏறிப் போயிட்டாரு. ஒரு வாரம் கழிச்சு ஸ்கோர் புக்க திரும்ப எடுத்துப் பாத்தப்பதான் எனக்கே தெரிஞ்சது. அதனால இந்த வருஷம் காசு வாங்குறதுக்கு முன்னாடியே கணக்கு எப்படிப் போடுவோம்னு இங்க எழுதிடுறேன். கேள்வி இருந்தா இப்பவே கேளுங்க, ஆகஸ்ட் 29-க்கு அப்புறம் மாத்த மாட்டோம்.

புள்ளிங்க சமமா வந்தா நெட் ரன் ரேட். குரூப்புல ஆடுன எல்லா ஆட்டத்துலயும் நம்ம அடிச்ச மொத்த ரன்ன நம்ம ஆடுன மொத்த ஓவரால வகுக்கணும், அதுலேருந்து நம்மகிட்ட அவங்க அடிச்ச மொத்த ரன்ன நம்ம போட்ட மொத்த ஓவரால வகுத்து வர்றத கழிக்கணும். ஒரு டீம் ஆல் அவுட் ஆனா அது எத்தன ஓவர்ல ஆகியிருந்தாலும் சரி, முழு 6 ஓவர்னுதான் எழுதுவோம்.

மேல் டிவிஷன் பேட்ஸ்மேன்

வணக்கம்ணே. நாங்க டீம் போடுறோம், ஓப்பன். ஆனா அந்த ஆல் அவுட் ரூல் எனக்குப் புரியல. 4 ஓவர்தானே ஆடுனோம், 4 ஓவரால வகுக்குறதுதானே நியாயம், ஆடாத ஓவருக்கு ஏன் கணக்கு? அப்புறம் இன்னொன்னு, சமமா வந்தா நேருக்கு நேர் ஆடுனதுல யாரு ஜெயிச்சாங்கன்னு பாத்தா முடிஞ்சிரும்லா, கால்குலேட்டரே வேணாம்.

பழைய கீப்பர்

தம்பி, நேருக்கு நேர் பாக்குறது ரெண்டு டீம் சமமா வந்தா சரி. மூணு டீமும் ஆளுக்கு ஒண்ணு ஜெயிச்சா ஏ பி-ய அடிச்சான், பி சி-ய அடிச்சான், சி ஏ-வ அடிச்சான், இதுல யார மேல வெப்ப? சுத்திச் சுத்தி வந்துக்கிட்டே இருக்கும்.

நான் பதினஞ்சு வருஷத்துக்கு மேல இந்த மாதிரி போட்டிக்கு ஸ்கோர் எழுதியிருக்கேன், ஈப்போ பக்கம் லெதர் பால் லீக்லயும் எழுதியிருக்கேன். அந்த ஆல் அவுட் ரூல் சர்வதேச ஆட்டத்துலயும் அப்படியேதான். காரணம் என்னன்னா, ஒனக்கு 6 ஓவர் குடுத்தாச்சு, அத முழுசா ஆடாம விக்கெட்ட வுட்டது நீ. 4 ஓவரால வகுத்தா சீக்கிரம் அவுட் ஆனவனுக்கு ரேட் ஏறும், அவன சுருட்டிப் போட்ட டீமுக்கு ரேட் எறங்கும். நல்லா பௌலிங் போட்டதுக்குத் தண்டனையா? செயலாளர் தம்பி, போன வருஷ ஸ்கோர இங்க போடுங்க, எல்லாரும் பாக்கட்டும்.

போட்டிச் செயலாளர்

போடுறேன்ணே. மூணு ஆட்டம்.

மொத ஆட்டம்: பாக்டரி லயன் 6 ஓவர்ல 54. மேல் டிவிஷன் 38-க்கு ஆல் அவுட், சரியா 4 ஓவர்ல.
ரெண்டாவது: மேல் டிவிஷன் 6 ஓவர்ல 50. டவுன் 6 ஓவர்ல 42.
மூணாவது: பாக்டரி லயன் 6 ஓவர்ல 45. டவுன் 46 அடிச்சு ஜெயிச்சாங்க, 4 ஓவர் 3 பந்துல.

ஆளுக்கு ஒரு வெற்றி. நான் அன்னிக்கு மேல் டிவிஷனுக்கு என்ன பண்ணேன்னா, அடிச்ச ரன் 38-உம் 50-உம் சேர்ந்து 88, ஓவர் 4-உம் 6-உம் சேர்ந்து 10, அதனால 8.80. அவங்ககிட்ட மத்தவங்க அடிச்சது 54-உம் 42-உம் 96, ஓவர் 12, அதனால 8.00. ஆக மேல் டிவிஷன் பிளஸ் 0.80. டவுன் அதவிடக் கம்மியாத்தான் வந்தாங்க, அதனால மேல் டிவிஷன அனுப்பிட்டேன்.

சரியான கணக்கு: மேல் டிவிஷன் ஆடுனது 12 ஓவர்னு எடுக்கணும், 88-அ 12-ஆல வகுத்தா 7.33, அதுலேருந்து 8.00 போனா மைனஸ் 0.67. பாக்டரி லயன் 99 ரன் 12 ஓவர்ல, 8.25. அவங்க குடுத்தது 38-உம் 46-உம் 84, ஓவர் 6-உம் நாலரையும் பத்தரை, அது சரியா 8.00. ஆக பிளஸ் 0.25. டவுன் அடிச்சது 42-உம் 46-உம் 88, ஓவர் 6-உம் நாலரையும் பத்தரை, 8.38. குடுத்தது 50-உம் 45-உம் 95, ஓவர் 12, 7.92. ஆக பிளஸ் 0.46.

டவுன்தான் மொத எடம், மேல் டிவிஷன் கடைசி. கடைசியில இருந்த டீம நான் செமிக்கு அனுப்பியிருக்கேன். இத எழுதுறப்பவே எனக்கு மனசு என்னவோ பண்ணுது.

மேல் டிவிஷன் பேட்ஸ்மேன்

ஐயோ அண்ணே. அந்த 38-ல நானும் இருந்தேன், ரெண்டாவது பந்துலயே போல்ட். நாங்க நெசமாவே ஜெயிச்சுட்டுப் போனோம்னுதான் நெனச்சிருந்தேன். சரி புரிஞ்சிருச்சு, ரூல் அப்படியே இருக்கட்டும். இந்த வருஷம் சும்மா ஓங்கி அடிக்காம ஆறு ஓவரையும் ஆடணும்னு டீம்ல சொல்லி வெக்கிறேன்.

கணக்கு டீச்சர்

நான் பிரைமரி ஸ்கூல்ல சொல்லிக் குடுக்குறேன், கிரிக்கெட் அவ்ளோ தெரியாது, வீட்டுக்காரரு ஆடுறாரு. ஒரு சின்ன சந்தேகம். 4 ஓவர் 3 பந்தை ஸ்கோர் புக்ல 4.3-ன்னு எழுதுறாங்க இல்லையா, அத அப்படியே கால்குலேட்டர்ல தட்டுனா தப்பு வரும்தானே? 3 பந்துன்னா ஆறுல மூணு, அது அரை, 4.5-ன்னு தட்டணும். இங்க செயலாளர் சரியா நாலரைன்னுதான் எடுத்திருக்காரு. ஆனா போன்ல அவசரமா போடுறவங்க 4.3 போட்டுருவாங்க.

பழைய கீப்பர்

டீச்சரம்மா கரெக்டா புடிச்சீங்க. நான் பாத்த தப்புல பாதி இதுதான். டவுன் டீமுக்கே போட்டுப் பாருங்க, 88-அ 10.3-ஆல வகுத்தா 8.54, கழிச்சா பிளஸ் 0.63-ன்னு வருது, நெசத்துல 0.46. இந்தக் குரூப்புல எடம் மாறல, ஆனா இன்னொரு டீம் 0.55-ல நின்னிருந்தா மாறியிருக்கும். ஒரு பந்துன்னா 0.17, ரெண்டு 0.33, மூணு 0.5, நாலு 0.67, அஞ்சு 0.83. இத ஒரு அட்டையில எழுதி ஸ்கோர் மேசையில ஒட்டி வெச்சிருங்க. இன்னும் பாதுகாப்பா வேணும்னா ஓவரே வேணாம், எல்லாத்தையும் பந்துக் கணக்குல எழுதுங்க, 27 பந்துன்னு. கடைசியில ரன்ன பந்தால வகுத்து ஆறால பெருக்குங்க, அப்ப தப்பு பண்ண எடமே இருக்காது.

போட்டிச் செயலாளர்

பந்துக் கணக்குதான், முடிவு பண்ணியாச்சு. டீச்சர் அனுமதிச்சா 29, 30 ரெண்டு நாளும் ஸ்கோர் மேசையில ஒக்காரச் சொல்லிக் கேக்கலாம்னு இருக்கேன்.

பையனோட அம்மா

வணக்கம் தம்பி. எம்பையன் 2010 அக்டோபர்ல பொறந்தவன். ஆகஸ்ட்ல அவனுக்கு இன்னும் 15 வயசுதானே, 16 ஆகல. 15 வயசுப் பிரிவுல பேர் குடுக்கலாமா? தெனமும் சாயங்காலம் பேட்டத் தூக்கிட்டுத்தான் நிக்கிறான்.

ராத்திரி ஷிப்ட்

ஆடலாம்கா, வயசு 15 தானே, ஐ.சி.-யக் காமிச்சாப் போதும்.

போட்டிச் செயலாளர்

இல்லக்கா, தம்பி சொன்னது சரியில்ல. நம்ம பள்ளிக்கூட விளையாட்டுல எப்படிப் பாப்பாங்களோ அதே மாதிரி பொறந்த வருஷத்தத்தான் பாக்குறோம், மாசத்த பாக்குறது இல்ல. இந்த வருஷத்துக்குள்ள 15 முடியிற புள்ளைங்க வரைக்கும்தான், அதாவது 2011. ஒங்க பையனுக்கு இந்த வருஷம் 16 முடியுது, அதனால அந்தப் பிரிவுல முடியாது. ஓப்பன்ல தாராளமா ஆடலாம், அதுக்குக் கீழ் வயசு வரம்பு வெக்கல. ஆனா நீங்க ஒரு கையெழுத்து போட்டுக் குடுக்கணும், ஓப்பன்ல டேப் பால் வேகமா வரும், ஹெல்மெட்டோட வரச் சொல்லுங்க. டீம் இல்லன்னா சொல்லுங்க, ஆள் பத்தாத டீம் ஒண்ணு ரெண்டு இருக்கும், சேத்து வுடுறோம்.

ஐ.சி.-ய இங்க போட்டோ எடுத்துப் போடாதீங்க யாரும், தயவுசெஞ்சு. ஆட்டம் அன்னிக்கு மேசையில ஒரிஜினலக் காட்டுனாப் போதும்.

பையனோட அம்மா

சரிப்பா. அவன் மொகம் சுருங்கிப் போச்சு, ஆனா ஓப்பன்னு சொன்னதும் ஓடிப் போயி ஹெல்மெட்டத் தேடுறான். ஹெல்மெட் மோட்டார் ஹெல்மெட்டா?

பழைய கீப்பர்

மோட்டார் ஹெல்மெட் வேணாம்மா, கண்ணு பக்கம் சரியா தெரியாது, பந்து காதுப் பக்கம் வந்தா திரும்பவும் முடியாது. எங்கிட்ட ஒண்ணு கம்பி வெச்ச கிரிக்கெட் ஹெல்மெட் இருக்கு, பழசுதான், உள்ள ஸ்பாஞ்ச் நல்லா இருக்கு. வந்து வாங்கிக்கச் சொல்லுங்க.

ஜொகூர்ல இருக்குறவன்

செயலாளர் அண்ணே, வெளியாள் ரூல் என்ன, மேல எழுதவே இல்லையே. நான் பொறந்தது நம்ம தோட்டத்து லயன்ல, ஆறாவது லயன். லயன ஒடச்சப்ப எங்க குடும்பம் தாமானுக்கு வந்திருச்சு, அப்புறம் நான் வேலைக்கு ஜொகூர் போயி ஐ.சி.-யில இப்ப அங்க அட்ரஸ். அம்மா மட்டும் இங்க. மெர்டேக்கா லீவுக்கு எப்படியும் வர்றேன். போன தடவ பக்கத்து ஊரு போட்டி ஒண்ணுல ஐ.சி.-யப் பாத்து என்னை வெளியாள்னு ஒதுக்கிட்டாங்க, அது ரொம்ப வலிச்சது அண்ணே, பொறந்த ஊருக்குப் பக்கத்துலயே வெளியாள்.

போட்டிச் செயலாளர்

எழுத மறந்துட்டேன், மன்னிச்சிருங்க. ஒரு டீம் 12 பேரு பேர் குடுக்கலாம். எந்த ஆட்டத்துலயும் களத்துல நிக்கிற 8 பேர்ல 2 பேருக்கு மேல வெளியாள் கூடாது. மூணுல ஒண்ணு இருந்தா அவங்க உள்ளூர் ஆள்: ஐ.சி. அட்ரஸ் இங்க இருக்கணும், இல்லன்னா அப்பா அம்மா இப்ப இங்க குடியிருக்கணும், இல்லன்னா நம்ம ஊரு தமிழ்ப்பள்ளியில படிச்சிருக்கணும். பள்ளியில படிச்சதுக்கு பழைய ரிப்போர்ட் கார்டு போதும், அதுவும் இல்லன்னா கூடப் படிச்ச ரெண்டு பேரு வேற வேற டீம்லேருந்து சொன்னாப் போதும். ஒரே டீம் ஆளு சொல்றத ஏத்துக்க மாட்டோம்.

ஆறாவது லயன்ல பொறந்தவரு வெளியாள் கெடையாது. நீங்க கண்டிப்பா வாங்க.

ஜொகூர்ல இருக்குறவன்

ரிப்போர்ட் கார்டு அம்மா இன்னும் இரும்புப் பெட்டியில வெச்சிருக்காங்க. ராத்திரி பஸ்ல டிக்கெட் போட்டுடுறேன்.

டவுன் கேப்டன்

வணக்கம். இவ்ளோ நேரம் படிச்சுக்கிட்டுதான் இருந்தேன். போன வருஷக் கணக்க வெளிப்படையா போட்டதுக்கு நன்றி அண்ணே. பசங்க இந்த வருஷம் வேணாம்னுதான் இருந்தாங்க, இதக் காமிச்சேன், இப்ப வர்றோம்னுட்டாங்க. 125 வெள்ளி நாளைக்கே கட்டிடுறேன்.

ஆனா ஒரு விஷயம் கேக்கணும். ஒரு டீம் ஆட்டத்துக்கே வரலன்னா என்ன கணக்கு? எங்களுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி வேற எடத்துல ஆச்சு. எதிர் டீம் வரல, எங்களுக்கு 2 புள்ளி குடுத்தாங்க. ஆனா குரூப்புல இருந்த இன்னொரு டீம் அதே டீம மறுநாளு 20 ரன்னுக்கு சுருட்டி ரன் ரேட்ட ஏத்திக்கிட்டாங்க. எங்களுக்கு அந்த வாய்ப்பே இல்ல, கடைசியில ரன் ரேட்ல வெளிய போனோம்.

போட்டிச் செயலாளர்

நாங்க யோசிச்சிருக்குறது இதுதான். சொன்ன நேரத்துலேருந்து 15 நிமிஷத்துல 6 பேராவது களத்துல நிக்கலன்னா வாக்ஓவர். வந்த டீமுக்கு 2 புள்ளி, அந்த ஆட்டம் அவங்க ரன் ரேட்ல சேராது. வராத டீமுக்கு மட்டும் 6 ஓவர்ல 0 ரன்னுன்னு அவங்க கணக்குல ஏத்துவோம், அவங்க அதுல ஆதாயம் பாக்கக் கூடாதுங்குறதுக்காக.

டவுன் கேப்டன்

அது வராதவனுக்கு சரி. வந்து நின்னவனுக்கு நான் சொன்ன பிரச்சன அப்படியே இருக்கே. எங்களுக்கும் ஏதாவது ஒரு ரன் குடுக்கலாம்லா, 6 ஓவர்ல 60, எதிர் டீம் 30, இப்படி.

பழைய கீப்பர்

தம்பி ஒங்க வருத்தம் புரியுது. ஆனா 60-30ன்னு ஒரு நம்பர நாம எழுதுனா, களத்துல யாரும் அடிக்காத ரன்னு ஒரு டீம செமிக்குத் தூக்கிட்டுப் போகும். அதுவும் மூணு டீம் குரூப்புல ஒரு ஆட்டம்னா பாதிக் கணக்கு. செயலாளர் சொல்றதுதான் பெரிய போட்டிங்கள்லயும் நடக்குற மொற. எனக்கு அதுல முழு திருப்தி இல்ல, ஆனா வேற வழியும் தெரியல.

டவுன் கேப்டன்

அப்ப இந்த ஒரு விஷயத்த மட்டும் குலுக்கல் அன்னிக்கு கேப்டனுங்க எல்லாரும் ஒக்காந்து கைதூக்கி முடிவு பண்ணலாம். எது வந்தாலும் நாங்க ஒத்துக்கிறோம்.

போட்டிச் செயலாளர்

சரி, இது ஒண்ணு மட்டும் 21-ஆம் தேதிக்கு ஒத்திவெப்பு. கேப்டன் வர முடியலன்னா வேற ஆள அனுப்புங்க.

ராத்திரி ஷிப்ட்

அண்ணே எங்க டீம்ல நாலு பேரு பேக்டரியில ராத்திரி ஷிப்ட், சனிக்கிழம காலையில 7 மணிக்குத்தான் வெளிய வருவோம். 8 மணி ஆட்டம் போட்டா செத்தோம், தூங்காம வந்து பௌலிங் போட முடியாது. நேரத்த கேட்டு வாங்க முடியுமா? அப்புறம் 250 வெள்ளி கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே, போன வருஷம் 200 தானே.

போட்டிச் செயலாளர்

பதிவுத் தாள்ல ஒரு வரி போட்டிருக்கேன், சனி காலையில 11 மணிக்கு முன்னாடி வர முடியாதுன்னா அங்க எழுதுங்க. அப்படி ரெண்டு டீம் வரைக்கும் பாத்து வெக்க முடியும், மொதல்ல எழுதுறவங்களுக்கு.

காசு விஷயம். 12 டீம் வந்தா ஓப்பன்ல 3,000 வெள்ளி. பரிசு 1,000-உம் 500-உம் அதுல பாதி. மீதியில கூடாரம், நாற்காலி, பாடாங் வாடகை, ரெண்டு அம்பயருக்கு மூணு நாள் காசு, தண்ணி, முதலுதவி. போன வருஷம் எங்களுக்குள்ளயே அம்பயர் நின்னோம், அதுல வந்த சண்ட ஒங்களுக்கே தெரியும். இந்த வருஷம் வெளியிலேருந்து ரெண்டு பேரக் கூப்டுறோம், 50 வெள்ளி ஏறுனதுக்கு அதுதான் முக்கியக் காரணம். செலவுத் தாள கடைசி நாளு ஸ்கோர் மேசையில வெப்போம், யாரு வேணாலும் பாக்கலாம்.

பழைய கீப்பர்

மழ ரூல எழுதலயே தம்பி. நம்ம ஊருல மத்தியானம் 3 மணிக்கு மேல மேகம் மலப் பக்கத்துலேருந்து எறங்கிரும்.

போட்டிச் செயலாளர்

ஆமாண்ணே, எழுதுறேன். இடி கேட்டா ஒடனே எல்லாரும் பாடாங்க விட்டு வெளிய. மரத்தடியில நிக்கக் கூடாது, கூடாரத்துக் கம்பிகிட்டயும் நிக்கக் கூடாது, கார்லயோ பக்கத்து மண்டபத்துலயோதான். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆனப்புறம்தான் திரும்ப எறங்குவோம். வானம் வெளுத்திருச்சுன்னு யாரும் அவசரப்படுத்தாதீங்க.

ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நேரம் போச்சுன்னா ரெண்டு டீமுக்கும் ஓவரக் கொறைப்போம், 3 ஓவருக்குக் கீழ போனா ஆட்டம் இல்ல, ஆளுக்கு ஒரு புள்ளி, ரன் ரேட்ல சேராது. ரெண்டாவது டீம் ஆடிக்கிட்டு இருக்குறப்ப நின்னு திரும்ப ஆட முடியலன்னா, 3 ஓவராவது முடிஞ்சிருக்கணும், அப்ப மொத டீம் அதே ஓவர் முடிவுல எவ்ளோ அடிச்சிருந்தாங்கன்னு பாத்து யாரு மேலன்னு முடிவு.

பழைய கீப்பர்

இதுல ஒரு ஓட்டை இருக்கு, தெரிஞ்சே ஏத்துக்கணும். 4 ஓவர் முடிவுல மொத டீம் 2 விக்கெட்டுக்கு 34, ரெண்டாவது டீம் 6 விக்கெட் போயி 35-ன்னு வெச்சுக்குங்க. இன்னும் ஒரே ஒரு விக்கெட் போனா முடிஞ்சது, ஆனா ரூல்படி ஜெயிச்சது அவங்க. மேகத்தப் பாத்துட்டு விக்கெட்டப் பத்திக் கவலப்படாம அடிக்கிற டீமுக்கு இது லாபம். பெரிய ஆட்டத்துல டக்வர்த் லூயிஸ் ஸ்டெர்ன்னு போட்ற கணக்கு இதுக்குத்தான், மிச்சமிருக்குற ஓவர், விக்கெட் ரெண்டையும் சேத்துப் பாக்கும். 8 பேரு 6 ஓவர் ஆட்டத்துக்கு அந்த அட்டவணை பொருந்தாது, நாமளே ஒண்ணு கண்டுபுடிச்சாலும் தப்பாத்தான் வரும்.

அதனால என் ரோசன, திங்கள் மத்தியானம் காலியா இருந்தாலும், குரூப் ஆட்டம் மழையில நின்னா மொதல்ல ஞாயிறு சாயங்காலத்துல முடிக்கப் பாருங்க, முடியலன்னா மட்டும் இந்த ரூலு. திங்கள்ல குரூப் ஆட்டம் வெச்சா செமி தள்ளிப் போயிரும், அது சிக்கல்தான்.

இன்னொன்னு, ஸ்கோர் எழுதுறவங்க ஒவ்வொரு ஓவர் முடிவுலயும் மொத்தத்த ஓரத்துல எழுதணும். எழுதலன்னா மழ வந்தப்புறம் 4 ஓவர்ல என்ன ஸ்கோருன்னு ஆளுக்கொரு நம்பர் சொல்லுவாங்க. அப்படி முடிஞ்ச ஆட்டத்துக்கு ரன் ரேட்டும் அந்த 4 ஓவருக்குத்தான், ரெண்டு டீமுக்கும்.

கணக்கு டீச்சர்

நான் மேசையில ஒக்காறேன், வீட்டுக்காரரு சரின்னுட்டாரு. ஆனா அவரு ஆடுற ஆட்டத்துக்கு வேற ஒருத்தரு எழுதட்டும், அதுதான் எல்லாருக்கும் நிம்மதி. ரெண்டு டீமும் ஒவ்வொரு ஆள அனுப்பி ஓவருக்கு ஓவர் எங்கூட ஸ்கோர சரி பாத்துக்கணும்.

மேல் டிவிஷன் பேட்ஸ்மேன்

நாங்க ஆளு அனுப்புறோம் டீச்சர். எங்க அண்ணன் காலு ஒடஞ்சு கட்டுல இருக்காரு, ஆட முடியாது, மேசையில ஒக்காந்தா அவருக்கும் நல்லா இருக்கும்.

பினாங்குக்காரன்

லெதர் பாலா இது? பேடு, கார்டு எல்லாம் கொண்டு வரணுமா? நாங்க 11 பேரு வர்றோம்.

போட்டிச் செயலாளர்

இல்ல தம்பி, டேப் பால், 8 பேரு. மேல ஒரு தடவ படிச்சுப் பாருங்க. ஒங்க டீம்ல உள்ளூர் ஆளு 6 பேராவது களத்துல நிக்கணும், அது முடியும்னா பேர் குடுங்க.

இப்ப வரைக்கும் நெலவரம்: ஓப்பன்ல 7 டீம் காசு கட்டியாச்சு, 2 டீம் பேர் மட்டும் குடுத்திருக்காங்க, பாதிக் காசு வர்ற வரைக்கும் அந்த எடம் உறுதியில்ல. 40 வயசுப் பிரிவு 2. 15 வயசுப் பிரிவு 3, இன்னும் ஒரு டீம் வேணும், அந்தப் பிரிவுக்கு ஒரு டீம் கொறஞ்சா அட்டவணையே மாறும். பள்ளிக்கூடத்துப் பசங்க யாராவது தனியா இருந்தா பெத்தவங்களோட சனிக்கிழம சாயங்காலம் 5 மணிக்கு பாடாங்குக்கு வாங்க, பழைய கீப்பர் அண்ணன் டேப் சுத்தக் கத்துக் குடுக்குறேன்னு சொல்லியிருக்காரு, அப்படியே ஒரு டீம் சேத்துருவோம்.